கதிரூட்டிய ரத்தமும் வெள்ளையணு குறைத்த ரத்தமும்: நீலகிரி நோயாளிகளின் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

டாக்டர் சீட்டில் ஒரு தடவை ‘ஃபில்டர் செய்த ரத்தம்’ என்றும் இன்னொரு தடவை ‘கதிரூட்டிய ரத்தம்’ என்றும் எழுதுகிறார். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஃபில்டர் செய்வது, அதாவது வடிகட்டுவது, வெள்ளையணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. கதிரூட்டுவது, பையில் இருக்கும் வெள்ளையணுக்கள் பெருகாதபடி செய்கிறது. ரத்தம் ஏற்றுவது பெரும்பாலும் சிவப்பணுவுக்காக அல்லது தட்டணுவுக்காக. ஆனால் தானம் கொடுத்தவரின் வெள்ளையணுக்களும் அந்தப் பையில் சேர்ந்தே வருகின்றன. வடிகட்டாத ஒரு சிவப்பணுப் பையில் அவை ஏறத்தாழ 100 கோடி இருக்கும். நல்ல வடிகட்டியில் செலுத்தினால் அவற்றில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே மிஞ்சும். ஒரு பையில் 50 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் மட்டுமே அதை வெள்ளையணு குறைத்த ரத்தம் என்று ஏற்பது அமெரிக்க அளவுகோல், பிரிட்டனில் இது 10 லட்சம்.

கதிரூட்டல் என்பது பையின் மேல் கதிர்வீச்சைச் செலுத்துவது. அதில் ஓர் அணுவும் வெளியே எடுக்கப்படுவதில்லை. வெள்ளையணுக்களில் டி-லிம்போசைட் என்ற வகையின் மரபுப்பொருள் உடைந்துவிடுவதால், அது நோயாளியின் உடலுக்குள் போன பிறகு பிரிந்து பெருக முடியாது. ஆகவே சீட்டில் இரண்டும் கேட்கப்பட்டிருந்தால் இரண்டும் வேண்டும். ஒன்று கிடைத்துவிட்டதே என்று மற்றதை விட்டுவிடக் கூடாது.

பெருகினால் என்ன? அப்படி எந்தச் சிக்கலைத் தடுக்கிறார்கள்?

கதிரூட்டுவதற்குக் காரணம் ஒரே ஒரு சிக்கல்தான். மருத்துவர்கள் அதை ரத்தமேற்றத்தால் வரும் கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் நோய் என்பார்கள், சுருக்கமாக ஜி.வி.எச்.டி. வழக்கமாக, பிறருடைய டி-லிம்போசைட்டுகள் நம் உடலுக்குள் வந்தால் நம்முடைய எதிர்ப்பு அணுக்கள் அவற்றை அயல் என்று கண்டு சில நாள்களில் அழித்துவிடும். அழிக்கும் வலு நோயாளிக்கு இல்லாமல் போனாலோ, வலு இருந்தும் அவை அயல் என்றே தெரியாமல் போனாலோ, வந்த அணுக்கள் உடலில் குடியேறிப் பெருகி, நோயாளியின் தோல், ஈரல், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றைத் தாக்கத் தொடங்கும்.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு வரும் ஜி.வி.எச்.டி.யைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே மஜ்ஜையே தானம் கொடுத்தவருடையது என்பதால் தாக்கும் அணுக்கள் அதை விட்டுவைக்கும். ரத்தமேற்றத்தால் வருவதில் மஜ்ஜை நோயாளியுடையது. அதுவும் தாக்கப்பட்டு, மூன்று வகை ரத்த அணுக்களும் சேர்ந்தே சரிந்துவிடும். தொற்றும் ரத்தக்கசிவும் பின்தொடரும். இது மிக அரிதான சிக்கல்தான். ஆனால் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள், பெரும்பாலும் ரத்தம் ஏற்றிய ஒரு மாதத்துக்குள். வந்த பின் நம்பத்தக்க சிகிச்சை இல்லை. முன்கூட்டியே கதிரூட்டினால் வராது.

அம்மாவுக்கு ஆபரேஷன். மகன் ரத்தம் அதே குரூப், அவனே கொடுக்கத் தயார். சொந்த ரத்தத்தைவிட நல்லது எது?

கோத்தகிரியிலும் கூடலூரிலும் ரத்த வங்கிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உறவினரின் புதிய ரத்தமே அதிக ஆபத்தானது. அதிலும் நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி முழுதாக இருந்தாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே விளக்க வேண்டியிருக்கிறது.

சிவப்பணு தவிர, உடலின் ஏறத்தாழ எல்லா அணுக்களின் மேலும் எச்.எல்.ஏ. என்ற அடையாளங்கள் உண்டு. தந்தையிடமிருந்து ஒரு தொகுதி, தாயிடமிருந்து ஒரு தொகுதி என இரண்டு தொகுதிகளை நாம் பெறுகிறோம். ஏ, பி, ஓ என்ற ரத்தப் பிரிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரத்தம் ஏற்றுமுன் செய்யும் கிராஸ்மேட்ச் சோதனையிலும் இது தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 52 வயதுப் பெண்மணி ஒருவருக்குக் கர்ப்பப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை. வேறு நோய் எதுவும் இல்லை. அவர் மணந்தது தாய்மாமன் மகனை. அவருடைய தாயும் கணவரின் தந்தையும் உடன்பிறந்தவர்கள் என்பதால், தாத்தா பாட்டியரில் ஒருவரிடமிருந்த ஒரே எச்.எல்.ஏ. தொகுதி இருவர் வழியாகவும் இறங்கி வர இடமுண்டு. அந்தத் தொகுதியை ‘அ’ என்று வைத்துக்கொள்வோம். பெண்மணியிடம் இருப்பவை அ, ஆ. கணவரிடம் அ, இ. இவர்களுடைய பிள்ளை இரு பக்கமும் ‘அ’வையே பெற்று அ, அ என்று அமைவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தப் பிள்ளைதான் இப்போது ரத்தம் கொடுக்கும் மகன்.

மகனின் டி-லிம்போசைட்டுகள் தாயின் உடலில் நுழையும்போது, அவற்றின் மேல் ‘அ’ மட்டுமே இருக்கிறது. தாயிடமும் ‘அ’ இருப்பதால் தாயின் எதிர்ப்பு அணுக்கள் அவற்றை அயலாகக் காண்பதில்லை, அழிப்பதும் இல்லை. ஆனால் மகனின் அணுக்களோ தாயின் அணுக்களில் ‘ஆ’வைக் காண்கின்றன. அது அவற்றுக்கு முற்றிலும் அயல். பொருத்தம் ஒரு பக்கமாக மட்டும் அமைந்துவிட்டதால், தாயின் பாதுகாப்பு விலகி நிற்க, மகனின் அணுக்கள் தடையின்றிப் பெருகுகின்றன. சொந்தத்தில் மணம் முடிக்காத குடும்பங்களிலும் இது நிகழலாம். ஆனால் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடையே இருப்பதால் இங்கே வாய்ப்பு கூடுகிறது. சிறிய சமூகமாகத் தமக்குள்ளேயே மணம் கொண்டுவரும் மலைக் குடிகளில், நேரடி உறவு சொல்லத் தெரியாத இருவருக்கும்கூட ஒரே தொகுதி இருக்கலாம்.

இதற்குப் பெரிய சான்று ஜப்பான். அங்கே 1955இலேயே அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடலெங்கும் சிவந்து நோயாளி இறந்துபோவதைப் பதிவு செய்திருந்தார்கள். காரணம் பல ஆண்டுகள் விளங்கவில்லை. மக்களிடையே எச்.எல்.ஏ. வேறுபாடு குறைவு, இதய அறுவைச் சிகிச்சைக்கு உறவினரின் புதிய ரத்தத்தை ஏற்றும் வழக்கம் அதிகம் என்ற இரண்டும் சேர்ந்து விளைந்ததே அது என்று பிறகு தெரிந்தது. 1990களின் இறுதியில் ரத்தப் பைகள் பரவலாகக் கதிரூட்டப்பட்டன. அதன் பின் அந்த நோய் அங்கே ஏறத்தாழ மறைந்தே போனது.

அப்படியென்றால் உறவினர்கள் ரத்தமே கொடுக்கக் கூடாதா?

தாராளமாகக் கொடுக்கலாம். அந்தப் பை வங்கியின் இருப்பில் சேர்ந்து வேறொரு நோயாளிக்குப் போகட்டும்; உங்கள் நோயாளிக்கு, உறவில்லாத ஒருவரின் பை வரட்டும். அப்படி மாற்ற இயலாத நிலையில், தட்டணு, சிவப்பணு எதுவானாலும், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், மாமன், அத்தை, அவர்களின் பிள்ளைகள் என எந்த ரத்த உறவினர் கொடுத்ததும் கதிரூட்டிய பிறகே ஏற்றப்பட வேண்டும். எனவே வங்கியில் படிவம் நிரப்பும்போது ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற கட்டத்தை வெறுமனே விடாதீர்கள். மாற்றிக்கொடுப்பது வங்கியின் வசதிக்காக என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். உங்கள் நோயாளியைக் காப்பதற்காகத்தான் அது.

புதிய ரத்தம் வேண்டும் என்று வற்புறுத்துவதும் வேண்டாம். பையிலுள்ள டி-லிம்போசைட்டுகள் குளிரில் நாளாக நாளாக வலுவிழந்துவிடும். இந்த நோய் வந்தவர்களுக்கு ஏற்றப்பட்டவை பெரும்பாலும் எடுத்து 10 நாளுக்குள்ளான பைகள். 14 நாள் கடந்த சிவப்பணுப் பையால் வருவது மிக அரிது.

வந்துவிட்டால் எப்படித் தெரியும்?

முதலில் காய்ச்சல், ரத்தம் ஏற்றிய 4 முதல் 30 நாளுக்குள், பெரும்பாலும் 10ஆம் நாளை ஒட்டி. ஓரிரு நாளில் முகத்திலும் மார்பிலும் சிவந்த தடிப்புகள் எழும்பி உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவும்; சிலருக்குத் தோல் கொப்புளமாகி உரியும். நீர்போல வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் சேரும். மேலே சொன்ன பெண்மணி அதற்குள் தையல் பிரித்து வீடு திரும்பியிருப்பார். ஊர் மருத்துவரிடம் காய்ச்சலும் தடிப்புமாகப் போனால் ஆன்டிபயாடிக் ஒவ்வாமை என்றோ வைரஸ் காய்ச்சல் என்றோ எண்ணுவதுதான் இயல்பு. இந்த நோய் கண்டறியப்படாமல் போவதற்கு இதுவே பெரும் காரணம்.

பிரித்துக் காட்டுவது ரத்த அணு எண்ணிக்கை. மருந்து ஒவ்வாமையில் வெள்ளையணு, தட்டணு, ஹீமோகுளோபின் மூன்றும் நாளுக்கு நாள் ஒருசேர விழுவது வழக்கமில்லை, இதில் விழும். உறுதி செய்ய, நோயாளியின் ரத்தத்தில் தானம் கொடுத்தவரின் மரபணு அடையாளம் கொண்ட அணுக்கள் இருக்கின்றனவா என்று எச்.எல்.ஏ. சோதனை செய்வார்கள், தோல் துணுக்கையும் பார்ப்பார்கள். ஆகவே ஒரு மாதத்துக்குள் ரத்தம் ஏற்றிய எவருக்கும் காய்ச்சலும் தடிப்பும் வந்தால், ‘ரத்தம் ஏற்றினோம், கொடுத்தவர் இன்ன உறவு’ என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

உறவினர் ரத்தம் இல்லாவிட்டாலும் கதிரூட்டியதே வேண்டும் என்பது யாருக்கு?

எதிர்ப்பு அணுக்களில் டி வகையே செயலிழந்தவர்களுக்கு. பிறவியிலேயே கடுமையான டி-அணுக் குறைபாடுள்ள குழந்தைகள். கருவில் இருக்கும்போதே ரத்தம் ஏற்றப்பட்ட குழந்தைகள், அவர்களுக்குப் பிறந்த பின் ஏற்றும் ரத்தமும், குழந்தையின் ரத்தத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஏற்றும் மாற்று ரத்தமும். எலும்பு மஜ்ஜை அல்லது ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கு உட்படுகிறவர்கள், அதற்கான தயாரிப்புச் சிகிச்சை தொடங்கும் நாளிலிருந்தே. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று நோயாளிகள். ஃப்ளூடராபின், கிளாட்ரிபின், பெண்டமஸ்டின் போன்ற மருந்துகள் பெற்றவர்களும், மஜ்ஜை செயலிழப்புக்கு ஏ.டி.ஜி. என்ற ஊசி போடப்பட்டவர்களும் இதில் அடங்குவர்.

எச்.எல்.ஏ. பொருத்தம் பார்த்துத் தேர்ந்த தட்டணுவையும் கதிரூட்ட வேண்டும். பொருத்தமே அங்கே ஆபத்தாகிறது. வெள்ளையணுவையே ஏற்றும் அரிதான சிகிச்சையில், ஏற்றுவது யாருக்கானாலும் கதிரூட்டியே ஆக வேண்டும்.

இவர்களில் பலருக்குத் தேவை பல ஆண்டுகள் நீடிக்கும். ஹாட்ஜ்கின் நோயாளிக்கு ஆயுள் முழுவதும் என்பது பிரிட்டன் வழிகாட்டு நெறி. கோவையிலோ வேலூரிலோ சிகிச்சை முடித்து ஊருக்குத் திரும்பியவர் நான்கு வருடம் கழித்து விபத்தில் ஊட்டிக்கு வந்தால், அங்குள்ளவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. டிஸ்சார்ஜ் சீட்டின் நகலும், கதிரூட்டிய ரத்தம் மட்டுமே என்று எழுதிய அட்டையும் பர்சில் இருக்க வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு? மார்பகப் புற்றுக்கு கீமோ எடுப்பவருக்கு?

இதற்காக மட்டும் கதிரூட்டத் தேவையில்லை. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இந்த ஆபத்து கூடியதாகக் காணப்படவில்லை. கட்டிப் புற்றுகளுக்கான வழக்கமான கீமோவும் பொதுவாக இந்தப் பட்டியலில் வராது.

எங்கள் பையனுக்கு அரிவாள் அணு நோய். மாதம் தவறாமல் ரத்தம் ஏற்றுகிறோம். அவனுக்கு எது?

நீலகிரியில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவது இயல்பே. 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இந்த மலைப் பழங்குடியினரிடம் அரிவாள் அணுத் தன்மையைப் பதிவு செய்தார்கள்; இந்தியாவின் முதற்பதிவுகளில் அது ஒன்று. இந்நோய்க்கும் தலசீமியாவுக்கும் டி-அணுக்கள் செயலிழப்பதில்லை என்பதால் கதிரூட்டல் வழக்கமாகத் தேவைப்படாது. அவர்களுக்கு வேண்டியது வெள்ளையணு குறைத்த ரத்தம், ஒவ்வொரு தடவையும்.

இதற்குக் காரணம் வேறு. திரும்பத் திரும்ப ஏற்றும்போது மற்றவர்களின் வெள்ளையணுக்களும் அவை சேமிப்பில் விடும் பொருள்களும் குளிர் நடுக்கத்தையும் காய்ச்சலையும் தருகின்றன, சி.எம்.வி. என்ற வைரஸ் அவற்றில் ஒளிந்து வருகிறது, எச்.எல்.ஏ.வுக்கு எதிராக உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, பிற்காலத்தில் தட்டணு ஏற்றினாலும் எண்ணிக்கை ஏறாமல் போகலாம். ரத்தப் புற்று நோயாளிகளிடம் செய்து 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சாதாரணத் தட்டணு பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்கு அந்த எதிர்ப்பொருள் உருவானது. வெள்ளையணு குறைத்ததைப் பெற்றவர்களில் 17, 18 விழுக்காடுதான்.

பையனுக்கு என்றேனும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்ய எண்ணமிருந்தால், அண்ணன், தங்கை, பெற்றோர் ரத்தத்தை அவனுக்கு ஏற்றவே கூடாது. நாளை மஜ்ஜை கொடுக்கக்கூடியவருக்கு எதிராக இன்றே அவன் உடல் எதிர்ப்பொருள் செய்துவிடும்.

ஃபில்டர் போட்டால் கதிரூட்டல் மிச்சம்தானே?

மேலே பட்டியலிட்டவர்களுக்கு அல்ல. வடிகட்டிய பையிலும் லட்சக்கணக்கில் வெள்ளையணுக்கள் மிஞ்சுகின்றன. பாதுகாப்பான எண்ணிக்கை இன்னது என்று எவரும் நிர்ணயிக்கவில்லை. பிரிட்டனில் 1999இல் எல்லாப் பைகளையும் வடிகட்டத் தொடங்கிய பின் ஜி.வி.எச்.டி. வெகுவாகக் குறைந்தது உண்மை; ஆயினும் அங்கும் ஆபத்துள்ளவர்களுக்குக் கதிரூட்டுவதை நிறுத்தவில்லை.

வடிகட்டும் நேரமும் முக்கியம். ரத்தம் எடுத்த ஓரிரு நாளில் வங்கியிலேயே வடிகட்டுவது சிறந்தது. படுக்கையருகே சொட்டுக் குழாயில் மாட்டும் வடிகட்டி அணுக்களைத் தடுக்குமே தவிர, அவை அதற்குள் கசியவிட்ட, காய்ச்சல் தரும் பொருள்களைத் தடுக்காது. அதை ஒரு பைக்கு மேல் பயன்படுத்துவதற்கு முன், பெட்டியில் எத்தனை பைக்கு என்று குறித்திருக்கிறது என்பதைச் செவிலியர் பார்க்க வேண்டும்.

கதிர்வீச்சு பட்ட ரத்தம் குழந்தைக்குக் கெடுதல் செய்யாதா?

ரத்தத்தில் கதிர்வீச்சு தங்குவதில்லை. எக்ஸ்ரே எடுத்தவர் உடலில் தங்காதது போலத்தான். சீசியம் கொண்ட பெட்டியிலோ எக்ஸ்ரே கருவியிலோ பையை வைத்து, கிரே என்ற கதிர்வீச்சு அலகில் நடுவில் 25, எந்த மூலையிலும் 15க்குக் குறையாமல், 50க்கு மேற்படாமல் கதிரூட்டுகிறார்கள். சில நிமிட வேலை.

கவனிக்க வேண்டிய விளைவு வேறொன்று. கதிரூட்டியதும் சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வேகமாகக் கசிகிறது. பெரியவர்களுக்கு மெதுவாக ஏற்றும்போது பொருட்டில்லை. பச்சிளங்குழந்தைக்கு மாற்று ரத்தமாக அதிக அளவில், வேகமாக ஏற்றினால் இதயத் துடிப்பையே குலைக்கலாம். அதனால் அவர்களுக்குக் கதிரூட்டிய 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிடுவார்கள். மற்றவர்களுக்கான சிவப்பணுப் பையின் ஆயுளும் குறைகிறது: அமெரிக்க விதிப்படி கதிரூட்டிய நாளிலிருந்து 28 நாள், அல்லது பையின் பழைய காலாவதித் தேதி, எது முந்தியோ அதுவரை. தட்டணுவுக்கு ஆயுள் மாறாது.

பையைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ரத்தத்தின் நிறமோ தோற்றமோ மாறுவதில்லை. பையில் ஒட்டிய சிறிய சீட்டைப் பாருங்கள். ‘கதிரூட்டப்படவில்லை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் அதில் இருக்கும்; கதிர் பட்டதும் அவற்றில் ‘நாட்’ என்ற சொல் கறுத்து மறைந்துவிடும். ‘நாட்’ தெளிவாகத் தெரிந்தால் ஏற்றுவதற்கு முன் கேளுங்கள். இத்துடன் கதிரூட்டிய தேதியும் புதிய காலாவதித் தேதியும் எழுதப்பட்டிருக்கும்.

கதிரூட்டும் கருவி இங்கே இல்லை, கோவையிலிருந்து வரவேண்டும் என்கிறார்கள். அதற்குள் நிலைமை மோசமானால்?

முன்கூட்டியே தெரிந்த ரத்தமேற்றம் என்றால் ஒரு நாள் முன்பே சொல்லிவைப்பதுதான் வழி. குன்னூர் மலைப்பாதையில் மழைக்காலத்தில் மண் சரிந்து வண்டி நின்றுவிடுவது நமக்குப் புதிதல்ல. சிவப்பணுப் பை குளிர்பெட்டியில் வர வேண்டும். ஆனால் பை பனிக்கட்டியைத் தொட்டு உறைந்துவிடக் கூடாது. தட்டணுவுக்குக் குளிர்பெட்டியே ஆகாது, 20 முதல் 24 டிகிரியில் வர வேண்டும். ஊட்டிக் குளிரில் வண்டியின் பின்புறம் திறந்தபடி வைத்துவிடக் கூடாது.

ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது, கதிரூட்டிய பைக்காகக் காத்திருந்து உயிரை இழக்கக் கூடாது. அந்நிலையில் மருத்துவர்கள் இருப்பதில் ஆபத்து குறைந்ததைத் தேர்வார்கள்: உறவினர் அல்லாதவர் கொடுத்தது, வெள்ளையணு குறைத்தது, எடுத்து 14 நாள் கடந்த சிவப்பணு. அன்று கதிரூட்டாதது ஏற்றப்பட்டது என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஒரு மாதம் காய்ச்சல், தடிப்பு, வயிற்றுப்போக்கு எது வந்தாலும் உடனே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

பிளாஸ்மாவையும் கதிரூட்ட வேண்டுமா?

உறைய வைத்த பிளாஸ்மாவுக்கும் அதிலிருந்து பிரித்தெடுக்கும் கிரையோவுக்கும் தேவையில்லை. உறைந்து உருகியதில் உயிருள்ள லிம்போசைட்டுகள் பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை.